யூரோவில் பாக்கி இல்லை, டாலரில் மட்டும் 200 நிற்கிறது

கேள்வி: வணக்கம் சார். ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் கணக்குகள் டாலரில். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அக்டோபர் 18 அன்று 10,000 யூரோவுக்கு இன்வாய்ஸ் போட்டோம். அன்றைய ரேட் 1.10, அதனால் 11,000 டாலர் என்று பதிந்தேன். அக்டோபர் 31 அன்று ரேட் 1.12. வர வேண்டிய தொகையை 11,200 ஆக்கி, 200 டாலர் செலாவணி லாபம் காட்டினேன். நவம்பர் 9 அன்று பணம் வந்தது. அன்று ரேட் 1.09. வங்கி 20 யூரோ பிடித்துக்கொண்டதால் 10,878.20 டாலர்தான் கணக்கில் ஏறியது. மென்பொருள் இன்வாய்ஸ் ரேட்டோடு ஒப்பிட்டு 100 டாலர் நட்டம் என்று தானே போட்டுக்கொண்டது. வங்கி பிடித்த 21.80 டாலரையும் நான் அதே நட்டக் கணக்கில் சேர்த்துவிட்டேன். இப்போது அந்த வாடிக்கையாளர் கணக்கில் யூரோ பாக்கி எதுவும் இல்லை, ஆனால் 200 டாலர் பாக்கி என்று காட்டுகிறது. முதலாளியோ, "கைக்கு வராத லாபத்தை ஏன் காட்டினாய்? அக்டோபரைத் திறந்து அதை எடுத்துவிடு" என்கிறார். அக்டோபர் அறிக்கை கடன் கொடுத்த வங்கிக்கு ஏற்கெனவே போய்விட்டது. தப்பு எங்கே நடந்தது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வணக்கம். முதலில் உங்களுக்கு நிம்மதி தரும் செய்தி. அக்டோபர் 31 அன்று நீங்கள் போட்ட 200 டாலர் லாபம் சரியான பதிவு. தப்பு நடந்தது நவம்பர் 9 அன்று. அதையும் நீங்களாகச் செய்யவில்லை. உங்கள் கைப்பதிவு ஒரு முறையில் இருந்தது, மென்பொருள் இன்னொரு முறையில் கணக்குப் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கணக்கில் வந்து உட்கார்ந்ததால்தான் அந்த 200 நிற்கிறது.

முதலாளியின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வாடிக்கையாளர் ஒரு யூரோகூட அனுப்பாத நேரத்தில் லாபம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இதை இப்படிப் பாருங்கள். அக்டோபர் 31 அன்று உங்கள் நிறுவனத்துக்கு வர வேண்டியது 10,000 யூரோ. அந்த யூரோவுக்கு அன்று டாலரில் என்ன மதிப்பு என்றுதான் அன்றைய இருப்புநிலைக் குறிப்பு சொல்ல வேண்டும். அந்த மதிப்பு 11,200. இன்வாய்ஸ் போட்ட நாளின் 11,000 என்பது அதற்குள் பழைய எண்ணாகிவிட்டது. வர வேண்டிய பணம், கொடுக்க வேண்டிய பணம், வங்கி இருப்பு ஆகியவை பணமாகவே முடியும் கணக்குகள். வேற்று நாணயத்தில் இருக்கும் இவற்றையெல்லாம் கணக்கு முடிக்கும் நாளின் ரேட்டில் காட்ட வேண்டும், வித்தியாசம் அந்தக் காலத்தின் லாப நட்டத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐ.ஏ.எஸ். 21 சொல்லும் விதி. அதன் 29-வது பத்தி உங்கள் நிலைமையையே பேசுகிறது. ஒரு காலத்தில் நடந்த பரிவர்த்தனை அடுத்த காலத்தில் தீர்ந்தால், ஒவ்வொரு காலத்துக்கும் அந்தக் காலத்துக்குள் ரேட் எவ்வளவு நகர்ந்ததோ அந்த அளவு வித்தியாசத்தை மட்டும் அந்தந்தக் காலத்தில் காட்ட வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சர்வதேசத் தரநிலையின் 30-வது பிரிவும் இதே வழியில்தான் போகிறது.

அந்த விதியை உங்கள் எண்களில் வைத்துப் பார்ப்போம். அக்டோபருக்குள் யூரோ 1.10-லிருந்து 1.12-க்கு ஏறியது, எனவே அக்டோபருக்கு 200 லாபம். நவம்பரில் 1.12-லிருந்து 1.09-க்கு இறங்கியது, எனவே நவம்பருக்கு 300 நட்டம். இரண்டையும் சேர்த்தால் நிகரமாக 100 நட்டம். முதலாளி சொன்னபடி அக்டோபர் லாபத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் 100 நட்டமும் இதுதான். இன்வாய்ஸின் முழு ஆயுளுக்கும் அது சரியான எண். நவம்பர் மாதத்துக்கு மட்டும் அது சரியான எண் அல்ல.

இரண்டு வழிகள், இரண்டும் சரி

இந்த 300-ஐ நவம்பரில் கொண்டுவர நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில், மாத இறுதியில் போட்ட மறுமதிப்பீட்டை அப்படியே விட்டுவிடுகிறோம். வாடிக்கையாளர் கணக்கு 11,200-ல் நவம்பருக்குள் நுழைகிறது. பணம் வரும் நாளில் 10,900-ஐ அந்த 11,200-உடன் ஒப்பிடுகிறோம். 300 நட்டம் ஒரே பதிவில் வந்துவிடும், கணக்கு பூஜ்யமாகும்.

இரண்டாவது வழியில், அடுத்த மாதம் முதல் தேதியிலேயே அந்த 200 பதிவைத் திருப்பிப் போடுகிறோம். கணக்கு அலுவலகங்களில் இதை ரிவர்சல் என்பார்கள். நவம்பர் 1 அன்று 200 நட்டம் பதிவாகி, வாடிக்கையாளர் கணக்கு பழையபடி 11,000-க்கு வந்துவிடும். நவம்பர் 9 அன்று 10,900-ஐ 11,000-உடன் ஒப்பிட்டால் 100 நட்டம். இரண்டும் சேர்ந்து நவம்பரில் அதே 300.

பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டாவது வழியை நம்பித்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் அதன் மூல ரேட்டை நினைவில் வைத்துக்கொண்டு, பணம் வரும்போது அதோடுதான் ஒப்பிடும். மாத இறுதி மறுமதிப்பீட்டை மென்பொருளுக்குள் இருக்கும் வசதி மூலம் செய்திருந்தால், அடுத்த மாதம் முதல் தேதியில் ரிவர்சல் தானாக விழும்படி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். நீங்கள் அந்த 200-ஐ ஜர்னல் பதிவாகக் கையால் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையால் போட்டதை மென்பொருள் மறுமதிப்பீடு என்று அடையாளம் காணாது. அது இன்வாய்ஸோடு ஒட்டாத தனி டெபிட்டாக வாடிக்கையாளர் கணக்கில் கிடக்கும். பணம் வந்தபோது மென்பொருள் தன் நினைவில் இருந்த 11,000-ஐ முழுதாகத் தீர்த்துவிட்டது. உங்கள் 200 தனியாக நின்றுவிட்டது.

அதாவது மாத இறுதியில் முதல் வழியில் கிளம்பி, பணம் வந்த நாளில் இரண்டாவது வழியில் இறங்கியிருக்கிறீர்கள். அதனால் நவம்பரில் 300 நட்டம் தெரிய வேண்டிய இடத்தில் ரேட் நட்டமாக 100 மட்டுமே தெரிகிறது. வாடிக்கையாளர் தராத, தரவே போகாத 200 டாலர் உங்கள் சொத்துப் பட்டியலில் இருக்கிறது.

வங்கி பிடித்தது செலாவணி நட்டம் அல்ல

அந்த 21.80 டாலர் விஷயத்தைச் சின்னது என்று விட்டுவிட வேண்டாம். வாடிக்கையாளர் 10,000 யூரோவையும் அனுப்பிவிட்டார், அவர் கடன் முழுதாகத் தீர்ந்தது. வழியில் வங்கி எடுத்த 20 யூரோ ஒரு சேவைக்கான கட்டணம். ரேட் ஏறினாலும் இறங்கினாலும் அது போயிருக்கும். அதைச் செலாவணி நட்டத்தில் கலந்தால், "ரேட் நகர்ந்ததால் எவ்வளவு போனது, வங்கியால் எவ்வளவு போனது?" என்று முதலாளி கேட்கும் நாளில் பதில் சொல்ல முடியாது. அதை வங்கிக் கட்டணக் கணக்குக்கு நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: உங்கள் ஒப்பந்தப்படி வங்கிக் கட்டணம் யார் தலையில்? வாடிக்கையாளர்தான் ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்த 20 யூரோ இன்னும் வர வேண்டிய பாக்கிதான். அப்போது வாடிக்கையாளர் கணக்கில் யூரோ பாக்கி இல்லை என்று காட்டுவதே தப்பாகிவிடும்.

கட்டணம் உங்களுடையதுதான் என்று வைத்துக்கொண்டால், நவம்பரில் இரண்டு திருத்தப் பதிவுகள் போதும்:

1. செலாவணி நட்டம் டெபிட் 200, வாடிக்கையாளர் கணக்கு கிரெடிட் 200.
2. வங்கிக் கட்டணம் டெபிட் 21.80, செலாவணி நட்டம் கிரெடிட் 21.80.

இதற்கு முன் உங்கள் செலாவணி நட்டக் கணக்கில் 121.80 இருந்தது. 200 கூடி, 21.80 குறைந்தால் சரியாக 300. வாடிக்கையாளர் கணக்கு இரண்டு நாணயத்திலும் பூஜ்யம். வங்கியில் ஏறிய 10,878.20, கட்டணம் 21.80, நட்டம் 300 ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 11,200 வரும். அக்டோபர் இறுதியில் நீங்கள் காட்டிய தொகை அதுவே. இரண்டையும் சேர்த்து 178.20 என்று ஒரே பதிவாகப் போட வேண்டாம். எண் சரியாக இருக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் தணிக்கையாளருக்கும் உங்களுக்கும் அந்த 178.20 எங்கிருந்து வந்தது என்று புரியாது. முதல் பதிவின் விவரக் குறிப்பில் "அக்டோபர் 31 மறுமதிப்பீட்டின் ரிவர்சல்" என்று இன்வாய்ஸ் எண்ணோடு எழுதிவையுங்கள்.

அக்டோபரைத் திறக்கலாமா?

வேண்டாம். இதில் நான் உறுதியாகவே சொல்கிறேன். அக்டோபர் 31 அன்று ரேட் 1.12 என்பது உண்மை. நவம்பர் 9 அன்று அது 1.09-க்கு வந்தது அதன் பிறகு நடந்த சங்கதி. கணக்கு முடித்த பிறகு ரேட் எவ்வளவு பெரிதாக மாறினாலும், முடித்த காலத்தின் எண்களை அதற்காகத் திருத்தக் கூடாது என்பதே ஐ.ஏ.எஸ். 10-இன் நிலை. மாற்றம் மிகப் பெரிதாக இருந்தால் ஆண்டறிக்கையில் ஒரு குறிப்பாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதே அளவுகோலில் யோசியுங்கள்: நவம்பரில் ரேட் 1.15-க்கு ஏறியிருந்தால் அக்டோபரைத் திறந்து லாபத்தைக் கூட்ட முதலாளி சொல்லியிருப்பாரா? மாட்டார். இறங்கினால் மட்டும் திறப்பது என்றால் எந்த மாத அறிக்கையையும் யாரும் நம்ப முடியாது.

உங்களைப் பற்றியும் ஒரு கவலை எனக்கு இருக்கிறது. அக்டோபர் அறிக்கை வங்கியின் கையில் இருக்கிறது. மூடிய மாதத்தை உங்கள் பயனர் கணக்கில் திறந்து எண்ணை மாற்றினால், மாற்றிய தேதியும் நேரமும் பெயரும் மென்பொருளில் பதிவாகும். நாளை வங்கி கையில் உள்ள தாளும் உங்கள் புத்தகமும் ஒத்துப்போகாதபோது, கேள்வி வந்து நிற்கும் இடம் உங்கள் மேசைதான். முதலாளி மீண்டும் வற்புறுத்தினால், "அக்டோபர் பதிவு சரி, திருத்தம் நவம்பரில் போகிறது, நீங்கள் சொன்னபடி செய்தாலும் வரும் அதே 100 நட்டம்தான் நிகரமாக வருகிறது" என்று இரண்டு வரி மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் கேட்ட நிகர எண் கிடைக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலர் இந்த 200-ஐ விற்பனையில் கழித்துவிடலாம் என்பார்கள். அதையும் செய்யாதீர்கள். விற்பனை அக்டோபர் 18 ரேட்டில் 11,000 என்று பதிவானதோடு அதன் கதை முடிந்தது. அதன் பிறகு ரேட் என்ன ஆனாலும் அது பணம் வரக் காத்திருந்ததன் விளைவே தவிர, விற்பனையின் மதிப்பு மாறவில்லை.

"கைக்கு வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு?"

முதலாளியின் உண்மையான பயம் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. காகிதத்தில் இருக்கும் லாபத்தை நம்பிப் பணத்தை வெளியே எடுத்துவிடக் கூடாது என்பது நல்ல பயம். அதற்கு மருந்து லாபத்தைக் காட்டாமல் மறைப்பது அல்ல. நடைமுறையில் இரண்டு தனிக் கணக்குகள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் தீர்ந்த இன்வாய்ஸ்களின் வித்தியாசம், மற்றதில் இன்னும் தீராதவற்றின் வித்தியாசம். லாப நட்டக் கணக்கில் இரண்டும் சேர்ந்தே போகும், ஆனால் அவருக்குத் தரும் மாத அறிக்கையில் பிரித்துக் காட்டலாம்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே சொன்ன இரண்டு வழிகளிலும் நவம்பர் மொத்தம் ஒன்றுதான், ஆனால் பிரிவு வேறு. ரிவர்சல் வழியில் நவம்பரில் தீராத கணக்கில் 200 நட்டம், தீர்ந்த கணக்கில் 100 நட்டம். முதல் வழியில் 300-உம் தீர்ந்த கணக்கில் விழும். "இந்த இன்வாய்ஸில் உண்மையில் எவ்வளவு போனது?" என்று அடிக்கடி கேட்கும் முதலாளிக்கு ரிவர்சல் வழியே பொருந்தும், ஏனென்றால் தீர்ந்த கணக்கில் எப்போதும் மூல ரேட்டிலிருந்து வந்த முழு வித்தியாசம், இங்கே 100, அப்படியே தெரியும். உங்கள் மென்பொருளும் அந்த வழியில்தான் ஓடுகிறது. அதனால் இனி எல்லா மாதமும் ரிவர்சல் வழியையே பிடித்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. வரியைப் பொறுத்தவரை, தீராத வித்தியாசத்துக்கு எப்போது வரி என்பது நாட்டுக்கு நாடு மாறும். கணக்கில் காட்டிய உடனே வரி என்று முடிவு கட்ட வேண்டாம், உங்கள் வரி ஆலோசகரிடம் இந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.

மாதாமாதம் இதைச் செய்தே ஆக வேண்டுமா என்றும் முதலாளி கேட்கக்கூடும். விதி "காலம்" என்றுதான் சொல்கிறது, மாதம் என்று சொல்லவில்லை. வெளியாருக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே அறிக்கை தரும் நிறுவனத்தில், ஒரே ஆண்டுக்குள் போட்டுத் தீர்ந்த இன்வாய்ஸுக்கு 100 நட்டம் என்ற ஒரே பதிவு போதும். நீங்கள் மாத அறிக்கையை வங்கிக்குத் தருவதால் உங்களுக்கு மாத இறுதியே காலத்தின் இறுதி.

இனி எங்கே கண் வைக்க வேண்டும்

மாத இறுதியில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வேற்று நாணய வாடிக்கையாளர் பட்டியலை இரண்டு பத்திகளாக எடுங்கள், ஒன்றில் யூரோ பாக்கி, பக்கத்தில் டாலர் பாக்கி. யூரோவை அன்றைய ரேட்டால் பெருக்கினால் டாலர் வர வேண்டும். யூரோ பூஜ்யமாக இருக்கும் வரியில் டாலரும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நான் ஒரு முறை பார்த்த நிறுவனத்தில் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகள் யாரும் செய்யவில்லை. பட்டியலின் கடைசிப் பக்கம் முழுவதும் யூரோ இல்லாத பெயர்கள். ஒருவர் பெயரில் 14 டாலர், அடுத்தவர் பெயரில் மைனஸ் 63, இன்னொருவர் பெயரில் 200. வணிகத்தையே நிறுத்திவிட்ட வாடிக்கையாளர்களுக்குக்கூட பாக்கி நினைவூட்டல் கடிதம் போயிருந்தது. எல்லாமே உங்கள் கணக்கில் நடந்த அதே குளறுபடிதான். ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடி எடுக்க ஒரு வாரம் போனது.

பகுதியாகப் பணம் வரும்போது இந்தச் சோதனை இன்னும் அவசியம். இதே இன்வாய்ஸில் நவம்பர் 9 அன்று 4,000 யூரோ மட்டும் வந்திருந்தால், ரிவர்சல் வழியில் அந்த 4,000-க்கு மட்டும் மூல ரேட்டோடு ஒப்பிட்டு 40 டாலர் நட்டம். மீதி 6,000 யூரோ 6,600 டாலரில் நிற்கும். நவம்பர் இறுதியில் ரேட் 1.13 என்றால் அதை 6,780 ஆக்கி, 180 லாபம் போட்டு, டிசம்பர் 1 அன்று திருப்ப வேண்டும். பலர் முழு 10,000-க்கும் மறுமதிப்பீடு போட்டுவிடுவார்கள். யூரோ பத்தியை முதலில் பார்த்தால் அந்தத் தவறு நேராது.

வந்த பணத்தை டாலராக மாற்றாமல் யூரோ வங்கிக் கணக்கிலேயே வைத்திருக்கும் நாளும் வரலாம். அப்போது வாடிக்கையாளர் கணக்கில் ரேட்டின் விளையாட்டு முடிந்தது, ஆனால் வங்கி இருப்பில் தொடர்கிறது. அந்த இருப்பையும் மாத இறுதி ரேட்டில் மதிப்பிட வேண்டும். இதற்கு நேர்மாறானது முன்பணம். சரக்கோ சேவையோ தருவதற்கு முன்பே வாடிக்கையாளர் தந்த திருப்பித் தர வேண்டாத யூரோ முன்பணத்துக்கு மறுமதிப்பீடு கிடையாது, ஏனென்றால் நீங்கள் பதிலுக்குத் தர வேண்டியது பணம் அல்ல. முன்பணம் வந்த நாளின் ரேட்டிலேயே அந்தப் பங்கு விற்பனையும் பதிவாகும். மறுமதிப்பீட்டுப் பட்டியலை மென்பொருளில் இயக்கும்போது முன்பணக் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் கணக்கிலேயே கிரெடிட் இருப்பாக அது கிடந்தால், மென்பொருள் அதையும் சேர்த்தே பெருக்கிவிடும்.